ஏமாறாதீர்கள் என்று யாரிடம் சொல்வது?

"வாடிக்கையாளர்கள் கவனத்திற்கு. நம்ம கடை பேர்ல, நம்ம போட்டோ வீடியோ எல்லாம் எடுத்துப் போட்டு ஒரு ஃபேக் பேஜ் ஓடிட்டு இருக்கு. பேருக்கு நடுவுல ஒரு புள்ளி மட்டும் கூட இருக்கும், நல்லா பாருங்க. அவங்க குடுக்கற நம்பருக்குப் பணம் போட்டு ஏமாந்துடாதீங்க. 499க்கு சாஃப்ட் சில்க் நாங்க குடுக்கல, யாராலயும் குடுக்க முடியாது. நமக்கு ஒரே பேஜ், ஒரே நம்பர்தான். எல்லாரும் அந்தப் பேஜை ரிப்போர்ட் பண்ணி ஹெல்ப் பண்ணுங்க சிஸ்டர்ஸ்."

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் சேலை விற்கிற ஒரு பெண், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்குத் தன் பக்கத்தில் போட்ட பதிவு இது. கடைப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் ஏற்கெனவே இரண்டு பேரிடம் இருக்கிறது. மூன்றாவது ஆள் கிளம்ப நான் காரணமாக வேண்டாம்.

சின்னப் பதிவுதான். ஆனால் காவல் துறையும், வங்கியும், வணிகச் சட்டமும், உலகத்தின் பெரிய விளம்பரக் கம்பெனிகளும் சேர்ந்து செய்ய வேண்டிய மொத்த வேலையையும், பகல் முழுக்கச் சேலை மடித்துக் களைத்த ஒருத்தி, படுக்கப் போகும் முன் கட்டைவிரலால் செய்து முடித்திருக்கிறார். முதலில் பாராட்டுவோம். பிறகு கோபப்பட நிறைய இருக்கிறது.

இந்த எச்சரிக்கையை யார் படிப்பார்கள்? அவருடைய பக்கத்தை ஏற்கெனவே பின்தொடர்கிறவர்கள். அதிலும், யாருக்குக் காட்டலாம் என்று தளம் மனசு வைக்கிறதோ அவர்கள் மட்டும். அதாவது அசல் கடை எது என்று நன்றாகத் தெரிந்தவர்களிடம் போய், போலிக் கடையிடம் ஏமாறாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். ஏமாறப்போகிற அக்கா நாகர்கோவிலில் இருக்கிறார். பேத்தி காதுகுத்துக்குச் சேலை தேடுகிறார். இந்தப் பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. அவருக்கு வந்தது விளம்பரம். காசு கட்டிய விளம்பரம் என்பதால் நேராக அவர் கைக்கே வந்து சேர்ந்தது. எச்சரிக்கையும் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் அதற்கும் காசு கட்டி 'பூஸ்ட்' செய்ய வேண்டும். திருடனும் விளம்பரத்துக்குக் கட்டலாம், பறிகொடுத்தவரும் விளம்பரத்துக்குக் கட்டலாம். கல்லா ஒன்றுதான். இதைவிடச் சமத்துவமான வியாபாரத்தை நம் ஊர் கண்டதில்லை.

சனிக்கிழமை காலையில் இன்னொரு சங்கதி நடந்தது. போலிப் பக்கமும் அதே எச்சரிக்கையைப் போட்டது. அதே வாசகம், அதே சிஸ்டர்ஸ். ஒரே ஒரு திருத்தம்: "பேருக்கு நடுவுல புள்ளி இல்லாம இருக்கும், நல்லா பாருங்க." கடையைத் திருடினான், படத்தைத் திருடினான், குரலைத் திருடினான், கடைசியில் 'திருட்டுப் போய்விட்டது' என்ற கூப்பாட்டையும் திருடினான். நாகர்கோவில் அக்காவுக்கு அந்த எச்சரிக்கையைப் பார்த்துத்தான் முழு நம்பிக்கை வந்தது. போலியைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எச்சரிக்கிறவன் போலியாக இருப்பானா?

இந்தக் கடையைப் போட அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு சாயங்காலம். திரையில் பெரிதாகத் தெரிகிற கடைப் பெயர் இருக்கிறதே, அதை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஒரே பெயரில் நூறு பக்கம் இருந்தாலும் தளத்துக்கு ஆட்சேபணை இல்லை. உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கக்கூடியது அதனோடு பொடி எழுத்தில் வரும் ஆங்கில முகவரி மட்டும்தான். அதில் ஒரு புள்ளியோ, ஓர் அடிக்கோடோ, எழுத்து எல்லுக்குப் பதில் எண் ஒன்றோ சேர்த்தால் புது முகவரி தயார். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பார்த்துக் கடையை நம்புகிற ஜனங்கள் பொடி எழுத்தைப் படிப்பதில்லை. அசலின் லோகோவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து முகப்பில் வைத்தான். வீடியோக்களை இறக்கி வரிசையாக ஏற்றினான். ஆயிரக்கணக்கில் ஃபாலோயர் வேண்டுமென்றால் அதுவும் விலைக்குக் கிடைக்கும், அல்லது ஏற்கெனவே கூட்டம் சேர்த்து வைத்திருக்கும் பழைய கணக்கு ஒன்றை வாங்கிப் பெயரை மாற்றினால் போதும். கடைசியாக மிக முக்கியமான வேலை: அசல் கடைக்காரியை அவன் பிளாக் செய்தான். அதனால் தன் கடையின் போலியைத் தன் கைப்பேசியில் பார்க்க முடியாத ஒரே ஆள் இந்த ஊரில் அவர்தான். நாத்தனார் கைப்பேசியை வாங்கித்தான் பார்த்தார்.

பிறகு விளம்பரம். அவர் 1,250 ரூபாய்க்கு விற்கும் சாஃப்ட் சில்க்கை அவன் 499க்குப் போட்டான். தறிக்காரரிடமிருந்து அவர் 1,050க்கு எடுக்கிறார். கொரியர், கவர், திரும்பி வரும் பார்சல் எல்லாம் போக நூறு ரூபாய் நின்றால் அன்றைக்கு நல்ல வியாபாரம். அவனுக்குத் தறிக்காரர் இல்லை, கொரியர் இல்லை, சேலையே இல்லை. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு விளம்பரம் ஓட்டினால் நாலு பேர் பணம் போட்டதும் செலவு ஏறக்குறைய வந்துவிடும். ஐந்தாவது ஆளிலிருந்து எல்லாம் லாபம். பொருளாதாரம் படித்தவர்கள் இதைவிடச் சுத்தமான தொழிலைக் காட்டட்டும்.

499 என்ற தொகை ஏதோ தள்ளுபடிக் கணக்கில் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். காவல் நிலையத்துக்குப் போய்வர ஆட்டோக்காரர் கேட்கும் பணத்தையும், ஒரு நாள் கூலியையும், 'இந்த வயசுல ஃபோன்ல பணம் போட்டு ஏமாந்தியா' என்று வீட்டில் வாங்கப்போகும் பேச்சையும் கூட்டிப் பார்த்து வைத்த தொகை அது. ஐந்நூறு ரூபாய் போனால் நம் ஜனங்கள் தலையில் அடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள். நம்முடைய வெட்கத்துக்கு அவன் துல்லியமாக விலை போட்டிருக்கிறான்.

சும்மா இருக்காமல் "என் சேலை எங்கே" என்று கேட்டவர்களுக்கு இரண்டாம் கட்டம். நாகர்கோவில் அக்காவுக்கு வந்த பதில் இது: "மேம், பார்சல் பேக் ஆயிடுச்சு. கொரியர்ல பில் அமௌண்ட் மேட்ச் ஆகணும். 1,999 போடுங்க, 1,500 உடனே ரீஃபண்ட் ஆயிடும்." போட்டார். "சிஸ்டம்ல ஹோல்டு ஆயிடுச்சு மேம். இன்னும் 2,999 போட்டா மொத்தமா ரிட்டர்ன் வந்துரும்." அதையும் போட்டார். போட்ட பணத்தை மீட்கத்தான் மேலும் போட்டார், ஆசைக்காக அல்ல. மொத்தம் 5,497 ரூபாய். நான்காவது முறை கேட்டபோது சந்தேகப்பட்டு ஏதோ எழுதினார். அந்த நொடியே பிளாக்.

அக்காவுக்கு விவரம் போதவில்லை என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். போலியைக் கண்டுபிடிக்க நம் நிபுணர்கள் சொல்லும் அடையாளங்களை வைத்து அசல் கடையைச் சோதித்துப் பாருங்கள். முன்பணம் கேட்டால் சந்தேகப்படு என்கிறார்கள். அசல் கடையிலும் முன்பணம்தான். பார்சல் வந்தபின் பணம் தரும் முறை அங்கேயும் கிடையாது. வாங்குவதாகச் சொல்லிக் கதவைத் திறக்காதவர்களால் இரு வழிக் கொரியர் செலவையும் சுமந்து நொந்துபோய் நிறுத்திவிட்டார். வாட்ஸ்அப்புக்கு இழுத்தால் சந்தேகப்படு என்கிறார்கள். அசல் கடையிலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் ஆர்டர். பணம் போடும்போது திரையில் வரும் பெயரைப் பார் என்கிறார்கள். இது மட்டும் உருப்படியான யோசனை. பணம் போய்ச் சேரும் கணக்கில் வங்கி பதிந்து வைத்திருக்கும் பெயரைத்தான் யூபிஐ செயலிகள் காட்ட வேண்டும் என்று 2025இல் உத்தரவே வந்துவிட்டது. போலிக்குப் பணம் போட்டால் கடைக்கும் சேலைக்கும் சம்பந்தமில்லாத ஓர் ஆணின் பெயர் வரும். கமிஷனுக்காகத் தன் வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவர். சரி, அசல் கடைக்குப் போட்டால் என்ன வரும்? அங்கேயும் சம்பந்தமில்லாத ஓர் ஆணின் பெயர்தான் வரும். அவர் வீட்டுக்காரர்.

அசல் வியாபாரம் நடக்கும் விதமே இப்படி இருக்கும்போது போலி தனியாக எந்த வேஷமும் போட வேண்டியதில்லை. சிறு வியாபாரிகள் கூடிப் பேச வேண்டிய இடம் இதுதான். கடைப் பெயரிலேயே நடப்புக் கணக்கு, கடைப் பெயரிலேயே வணிக யூபிஐ, ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சீட்டில் அந்தப் பெயர். இதைச் செய்துவிட்டால் "திரையில கடைப் பேரு வரலைன்னா பணம் போடாதீங்க" என்று ஒரே வரியில் எச்சரிக்கலாம். புள்ளியைத் தேடச் சொல்லும் எச்சரிக்கை பொடி எழுத்துத் தெரியாதவர்களுக்கு உதவாது. பணம் போகிற நேரத்தில் கண்முன் வந்து நிற்கிற பெயர் உதவும்.

இனி தளத்தின் நீதிபரிபாலனம்.

பதிவைப் பார்த்து இருநூறு சிஸ்டர்ஸ் ரிப்போர்ட் செய்தார்கள். பதில் வந்தது: "உங்கள் புகாரைப் பரிசீலித்தோம். அந்தக் கணக்கு எங்கள் சமூக விதிகளை மீறவில்லை. அதைப் பார்க்க விரும்பாவிட்டால் நீங்கள் பிளாக் செய்துகொள்ளலாம்." திருடன் ஏற்கெனவே கடைக்காரப் பெண்ணை பிளாக் செய்திருக்கிறான் என்பது பரிசீலித்தவருக்குத் தெரியாது. பரிசீலித்தவர் என்று மரியாதையாகச் சொல்கிறேன். அங்கே ஆள் யாராவது இருந்தார்களா என்பதே நமக்குத் தெரியாது.

ஆனால் அதே தளங்கள் இன்னொரு வழி வைத்திருக்கின்றன. மெட்டா நிறுவனம் 2023இல் இந்தியாவில் நீல டிக்கைச் சந்தாவுக்குக் கொண்டுவந்தது. தொடங்கியபோது கைப்பேசி வழியாக மாதம் 699 ரூபாய். அந்தச் சந்தாவுக்குச் சொல்லப்பட்ட பயன்களில் ஒன்று, ஆள்மாறாட்டத்திலிருந்து பாதுகாப்பு. இன்னொரு தரம் படியுங்கள். உங்கள் பெயரை இன்னொருவன் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது தனிச் சேவை. கட்டணம் கட்டினால் கிடைக்கும். போலிச் சேலை 499. உண்மைப் பெயர் 699. பழைய காலத்தில் மார்க்கெட்டில் கடைக்குக் கடை வந்து 'மாமூல் குடுத்தா ஒண்ணும் ஆகாம பாத்துக்கறேன்' என்று சொன்னவரை ரவுடி என்றோம், போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர் அவசரப்பட்டுவிட்டார். கலிபோர்னியாவில் ஆபீஸ் போட்டிருக்கலாம்.

கேலிக்காக மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு, மிகையே இல்லாத ஒரு தகவல். 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் மெட்டாவின் உள் ஆவணங்களைப் பார்த்து ஒரு செய்தி வெளியிட்டது. 2024ஆம் ஆண்டு வருமானத்தில் சுமார் 10 விழுக்காடு, அதாவது 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று அந்த நிறுவனமே உள்ளுக்குள் கணித்திருந்தது. ஒரு விளம்பரதாரர் மோசடிக்காரர் என்று 95 விழுக்காடாவது நிச்சயமானால்தான் தடை. அதற்குக் கீழே சந்தேகம் இருந்தால், அபராதம் போல அவரிடம் விளம்பரக் கட்டணத்தைக் கூட்டி வாங்குவது. அந்தக் கணிப்பு தோராயமானது, மிகையாகச் சேர்த்துக்கொண்டது, ஆவணங்கள் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகின்றன என்று நிறுவனம் பதில் சொன்னது. நல்லது. தோராயமாகவே இருக்கட்டும். ஆனால் சந்தேகப்படும் ஆளிடம் கூடுதலாக வாங்கிக்கொண்டு வழிவிடும் காவலாளியை உங்கள் தெருவில் நீங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். இதை நம்பிக் கடைக்காரப் பெண் திங்கட்கிழமை புகார் கொடுக்கப் போனார்.

"உங்க பணம் எவ்வளவும்மா போச்சு?"

"என் பணம் போகலைங்க சார். என் கடை பேர்ல ஏமாத்தறாங்க."

"அப்ப பணம் போனவங்கள வந்து குடுக்கச் சொல்லுங்க."

பணம் போனவர் நாகர்கோவிலில் இருக்கிறார். அவரைப் பொறுத்தவரை ஏமாற்றியதே இந்தப் பெண்தான். பணத்தை இழந்தவருக்கு யார் ஏமாற்றியது என்று தெரியாது. யார் ஏமாற்றியது என்று சொல்லத் தெரிந்தவர் பணத்தை இழக்கவில்லை. ஒரு குற்றத்தை இரண்டாகக் கிழித்து இரண்டு ஊர்களில் போட்டுவிட்டான். எந்தத் துண்டும் முழுப் புகாராகவில்லை.

1930 என்ற எண் நல்ல எண். பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால், அது போய்ச் சேர்ந்த கணக்கை வங்கி நிறுத்திவைக்க வழியுண்டு. ஆனால் வாடகைக் கணக்கில் விழும் பணம் அங்கேயே உட்கார்ந்திருப்பதில்லை. கணக்கு மாறிக் கணக்கு போய் எங்கோ ஏடிஎம்மில் நோட்டாக வந்துவிடும். அதனால் அழைப்பு உடனே போக வேண்டும், அழைக்க வேண்டியவர் பணத்தை இழந்தவர். ஐந்நூறு ரூபாய்க்கு அவர் அழைக்கமாட்டார் என்பதுதான் முன்பே பார்த்த விலைக் கணக்கு. பெயரை இழந்தவருக்கு cybercrime.gov.in தளத்தில் போலிக் கணக்கு, ஆள்மாறாட்டம் என்று தனி வகையே இருக்கிறது. அங்கே புகார் பதிந்தால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு தளத்திடம் மறுபடி போகலாம், பின்னால் ஏமாந்தவர்கள் சண்டைக்கு வரும்போது காட்டலாம். அது அவருடைய நிரபராதச் சான்றிதழ். குற்றம் செய்யாதவர் சான்றிதழோடு திரிய வேண்டிய காலத்தில் நாம் இருக்கிறோம்.

வணிகக் குறி பதிந்திருந்தால் இந்தக் கஷ்டமே இல்லையே என்று ஒரு வக்கீல் சொன்னார். உண்மை. பெரிய தளங்கள் வைத்திருக்கும் பிராண்டுப் பாதுகாப்பு வசதிகள், பதிவான வணிகக் குறி உள்ளவர்களுக்குத்தான் கதவைத் திறக்கும். தனிநபரோ சிறு நிறுவனமோ இணையம் வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகைப் பொருளுக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். ஆய்வு முடிந்து இதழில் வெளியானபின் எதிர்ப்புத் தெரிவிக்க மட்டும் நான்கு மாதம். அதற்கும் மேலே ஒரு சிக்கல்: அவர் கடைக்குக் குலதெய்வத்தின் பெயர். அம்மன் பெயரில் சேலைக்கடை வைக்காத ஊர் எது? அந்தப் பெயர் எனக்கு மட்டும் சொந்தம் என்று பதிவகத்தில் நிரூபிப்பது அம்மனுக்கே கஷ்டம். பதியாத பெயருக்கும் சட்டத்தில் காப்பு உண்டு, ஒருவர் தன் பொருளை இன்னொருவருடையது போலக் காட்டி விற்றால் வழக்குப் போடலாம். யார் மீது? பிரதிவாதியின் முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது? பெயருக்கு நடுவே ஒரு புள்ளி என்றா?

கடைசியில் பலித்தது வேறொரு வழி. பெயரைத் திருடினான் என்றபோது அசையாத தளம், படத்தைத் திருடினான் என்றதும் அசைந்தது. காப்புரிமைப் புகார் வந்தால் சும்மா இருப்பது தளத்துக்கே ஆபத்து. அங்கே சினிமாக் கம்பெனிகளும் பாட்டுக் கம்பெனிகளும் வக்கீல் பட்டாளத்தோடு நிற்கின்றன. அதனால் அதற்கென்று தனிப் படிவம், தனி வரிசை. நீங்கள் எடுத்த படத்தின் காப்புரிமை, படம் எடுத்த அன்றே உங்களுடையது, எங்கேயும் பதிய வேண்டியதில்லை. ஆனால் இங்கேயும் அவருக்கு ஒரு முள் இருந்தது. சேலையின் கேட்லாக் படங்கள் தறிக்காரர் எடுத்து எல்லா ரீசெல்லருக்கும் அனுப்பியவை. அவற்றை என்னுடையது என்று அவர் சத்தியம் செய்ய முடியாது. பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடிய வீடியோக்களைக் காட்டவும் பயம். மிஞ்சியது, தன் கையால் முந்தானையை விரித்துத் தன் குரலில் விலை சொன்ன ஏழெட்டு வீடியோ. ஒவ்வொன்றாக அசலின் முகவரி, நகலின் முகவரி இரண்டையும் எடுத்துப் படிவத்தில் நிரப்பினார். அந்தப் பக்கம் போய்விட்டது.

போனது பக்கம்தான். பணமும் ஆளும் கிடைக்கவில்லை. அடுத்த பக்கத்துக்கு இன்னொரு சாயங்காலம் போதும். எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைக்க இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

இதற்கிடையில் பொதுஜனம் சும்மா இருந்ததா? நாகர்கோவில் அக்கா கடைப் பெயரைத் தேடி, இந்த முறை அசல் பக்கத்தையே கண்டுபிடித்து, அந்த எண்ணுக்கு அழைத்தார். அவர் பேசியதை அச்சில் போட முடியாது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, முகவரிதான் தப்பு. அவர் மகன் வந்து ஒரு நட்சத்திரம் கொடுத்து 'ஃபிராடு கடை' என்று எழுதிவிட்டுப் போனான். அந்த விமரிசனத்தைத் தளம் உடனே ஏற்றது. அதைப் பரிசீலிக்க நாள் எடுக்கவில்லை. எச்சரிக்கைப் பதிவுக்குக் கீழே அறிஞர்கள் வரிசையில் வந்தார்கள். "நீங்கதான் உஷாரா இருந்திருக்கணும்" என்றார் ஒருவர். "ஆன்லைன்னாலே ஏமாத்துதான்" என்றார் ஆன்லைனில் இருந்த இன்னொருவர். "ஃபேமஸ் ஆனாதான் காப்பி அடிப்பாங்க, பெருமைப்படுங்க" என்றார் மூன்றாமவர். அந்தப் பெருமையைத் தறிக்காரரிடம் கொடுத்தால் சரக்கு தருவாரா என்று விசாரிக்க வேண்டும்.

உஷாராக இரு. நம் நாட்டில் எல்லாக் குற்றத்துக்கும் இந்த ஒரு தீர்ப்புதான். வாங்குகிறவர் உஷாராக இருக்க வேண்டும், விற்கிறவர் உஷாராக இருக்க வேண்டும். இடையில் நின்று இருவரையும் சேர்த்து வைக்க விளம்பரக் காசு வாங்கியவர் மட்டும் எதையும் கவனிக்க வேண்டியதில்லை. அவர் வெறும் இடைநிலையாளர். பயனர் போடுவதற்குத் தான் பொறுப்பில்லை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு அவருக்குக் குடை பிடிக்கிறது. யாரோ எழுதிய கருத்துக்கு அந்தக் குடை இருக்கட்டும், பேச்சுச் சுதந்திரத்துக்கு அது தேவை. ஆனால் காசு வாங்கி, யாருக்குக் காட்டலாம் என்று தேர்ந்தெடுத்து, நாகர்கோவிலில் சேலை தேடும் ஐம்பது வயதுப் பெண் என்று கண்டுபிடித்து, அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்த விளம்பரத்துக்கும் அதே குடையா?

இத்தனை கோடி விளம்பரத்தில் ஒவ்வொருவரையும் எப்படிச் சரிபார்ப்பது என்று கம்பெனிகள் கேட்கும். முடியும். செய்தும் இருக்கிறார்கள். பங்குச் சந்தை, முதலீடு பற்றிய விளம்பரங்களில் மோசடி பெருகியதும் செபி கண்டிப்புக் காட்டியது. 2025இல் மெட்டா, அப்படிப்பட்ட விளம்பரம் கொடுப்பவர்கள் செபி பதிவு விவரத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்தியாவில் விதி கொண்டுவந்தது. பங்கு வாங்குகிறவரைக் காப்பாற்றத் தெரிந்த கைக்குச் சேலை வாங்குகிறவரைக் காப்பாற்றத் தெரியாதா? தெரியும். கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஐந்நூறு ரூபாய் இழந்தவர்களுக்குச் செபி கிடையாது.

கேட்க வேண்டியது பெரிய விஷயம்கூட இல்லை. விளம்பரத்துக்குக் காசு வாங்கும் முன் ஆளின் அடையாளத்தையும், பொருள் விற்கிறவராக இருந்தால் ஜிஎஸ்டி எண்ணையோ உத்யம் பதிவையோ வாங்கிப் பார்த்து, அந்தப் பெயரை விளம்பரத்தோடு காட்டு. ஏற்கெனவே இருக்கும் பக்கத்தின் பெயரும் முகப்புப் படமும் புதிதாக வரும் பக்கத்தில் இருந்தால், விளம்பரத்தை நிறுத்திவைத்து விசாரி. ஏமாற்று என்று தெரிந்தபின் அந்த விளம்பரத்தில் வாங்கிய காசைக் கல்லாவில் வைத்துக்கொள்ளாதே. மூன்றாவதைச் சட்டமாக்கினால் போதும், முதல் இரண்டையும் கம்பெனிகள் தாமாகவே செய்துவிடும்.

அதுவரைக்கும் வாங்குகிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் வந்த கடை பிடித்திருந்தால் அந்தப் பக்கத்தின் முகவரியைத் தொட்டு, 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். எந்த மாதம் தொடங்கியது, இதற்கு முன் எத்தனை முறை பெயர் மாறியது என்று இன்ஸ்டாகிராமிலேயே இருக்கும். ஐந்து வருடக் கடை போன மாதம் பிறந்திருக்காது. ரீஃபண்ட் வருவதற்காக மேலும் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். எந்தக் கடையிலும் பணம் கட்டிப் பணம் வாங்கும் வழக்கம் இல்லை. ஏமாந்துவிட்டால் தொகை சின்னது என்று பார்க்காமல், வெட்கப்படாமல் அந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள். திட்டியே தீர வேண்டுமென்றால், பெயரைப் பறிகொடுத்தவரை விட்டுவிட்டு, அந்த விளம்பரத்துக்குக் காசு வாங்கியவனைத் திட்டுங்கள்.